பேங்க் அனுப்புற 13(2) நோட்டீஸை சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுக்குறது எப்படி?

கேள்வி: நான் இ-சேவை மையம் வச்சிருக்கேன். வீட்டுக்கடன், கடைக்கடன் கட்டாம விட்டவங்க பேங்க் நோட்டீஸைத் தூக்கிட்டு வந்து "இதுல என்ன எழுதியிருக்கு, நான் என்ன பண்ணணும், ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பா"ன்னு கேக்குறாங்க. எனக்கே பாதி புரியல. வக்கீல் வேலை பாக்காம, தப்பா எதுவும் சொல்லிடாம, அவங்களுக்குப் புரியற மாதிரி எப்படி எழுதுறது?

பதில்:

மதுரைப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல பல வருஷமா குமாஸ்தாவா இருக்கேன், கட்டாத கடனுக்கு அடமானச் சொத்தை பேங்க் எடுக்க வழி செய்யுற சர்ஃபேசி சட்டத்துல, 13(2) பிரிவுப்படி வர்ற இந்த நோட்டீஸ் வாரத்துக்கு ரெண்டு மூணு என் மேஜைக்கு வரும். நீங்க கேட்ட வேலையை நானும் தினம் செய்யுறேன், அதனால எனக்கு வேலைக்காகுற முறையை அப்படியே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, வரி வரியா மொழிபெயர்க்க உக்காராதீங்க. ஆரம்பத்துல நான் அப்படித்தான் செஞ்சேன், மூணு பக்க இங்கிலீஷ் நோட்டீஸ் மூணு பக்க தமிழ் நோட்டீஸா ஆகும், வாங்கிட்டுப் போனவங்க மறுநாள் திரும்ப வந்து "சரிண்ணே, இப்ப என்ன பண்ணணும்"னு கேப்பாங்க. நோட்டீஸ் எழுதுறவரு பிற்பாடு ட்ரிப்யூனல்ல யாரும் குறை சொல்லிடக் கூடாதுன்னு எழுதுறாரு, வீட்டுக்காரருக்குப் புரியணும்னு எழுதல. அதனால நீங்க அதுல இருந்து எடுக்க வேண்டியது நாலே விஷயம்: யாரு கேக்குறா, என்ன கேக்குறா, எந்தத் தேதிக்குள்ள, செய்யலேன்னா அடுத்து யாரு என்ன செய்வா. இதுக்கு மேல அந்த ஆளு செய்யக் கூடாதது ஒண்ணு இருக்கும், அதுதான் எல்லாரும் கோட்டை விடுற இடம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஒரு உதாரணம் வச்சே பேசுவோம். ஒரு அக்கா, மளிகைக் கடை வச்சிருக்காங்க, 2019ல வீட்டுப் பத்திரத்தை வச்சு எம்ஓடி போட்டு கடன் வாங்கினது, அவங்க தம்பி ஜாமீன் கையெழுத்து. ஆள் தெரியாம இருக்க தொகையும் தேதியும் மாத்திட்டேன். நோட்டீஸோட முக்கியமான பத்தி இந்த மாதிரி இருந்துச்சு:

"தங்களது மேற்படி கடன் கணக்கு இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி 05.02.2025 அன்று செயல்படாச் சொத்தாக வகைப்படுத்தப்பட்டுள்ளதாலும், பலமுறை கோரியும் நிலுவையைத் தாங்கள் செலுத்தத் தவறியதாலும், மேற்படி சட்டத்தின் பிரிவு 13(2)-ன் கீழ், 28.02.2025 வரையிலான ரூ.12,40,000/- மற்றும் அதன் மீதான ஒப்பந்த விகிதப்படியான மேல்வட்டி, செலவினங்கள் மற்றும் இதர கட்டணங்கள் சகிதம் முழுத் தொகையையும் இவ்வறிவிப்பின் தேதியிலிருந்து 60 தினங்களுக்குள் செலுத்தித் தீர்க்குமாறு இதன்மூலம் கோரப்படுகிறீர்கள் எனவும், தவறும் பட்சத்தில் வங்கிக்குள்ள ஏனைய உரிமைகளுக்குக் குந்தகமின்றி பிரிவு 13(4)-ன் கீழான அனைத்து அல்லது ஏதேனும் உரிமைகளைப் பிரயோகிக்க நேரிடும் எனவும், பிரிவு 13(13)-ன்படி மேற்படி பிணைச் சொத்தை வங்கியின் எழுத்துமூல முன் அனுமதியின்றி விற்பனை, குத்தகை அல்லது வேறு வகையில் மாற்றம் செய்யத் தாங்கள் தடை செய்யப்படுகிறீர்கள் எனவும் அறியவும்."

ஒரே வாக்கியம். அந்த அக்கா பத்தாவது வரைக்கும் படிச்சவங்க, தினமும் பேப்பர் படிப்பாங்க, ஆனா இதைப் படிச்சிட்டு அவங்களுக்கு மனசுல நின்னது "தடை செய்யப்படுகிறீர்கள்" மட்டும்தான். கடையைத் திறக்கக் கூடாதுன்னு நினைச்சு ரெண்டு நாள் கடையைச் சாத்திட்டாங்க. இத்தனைக்கும் சட்டத்துல வழக்கமா நடக்குற வியாபாரத்துக்குத் தடையே இல்ல, அந்த விதிவிலக்கு சட்டத்துல இருக்கு, நோட்டீஸ்ல விட்டுட்டாங்க.

இதைப் பிரிக்கும்போது நான் பென்சிலை எடுத்து முதல்ல "-படும், -படுகிறீர்கள், நேரிடும்"னு முடியுற வார்த்தைக்கெல்லாம் அடியில கோடு போடுவேன். அந்த மாதிரி வினைச்சொல் வந்தா செய்யுற ஆளு ஒளிஞ்சிருக்காருன்னு அர்த்தம். "வகைப்படுத்தப்பட்டுள்ளது", யாரு வகைப்படுத்தினா? பேங்க். "பிரயோகிக்க நேரிடும்", யாருக்கு நேரிடும்? பேங்குக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஆளைக் கண்டுபிடிச்சு முன்னாடி போட்டா வாக்கியம் தானா சின்னதாயிடும்: "பேங்க் உங்க கடனை வாராக்கடன்னு சேர்த்துட்டாங்க." அடுத்து "மேற்படி" எல்லாத்தையும் எடுத்துட்டு அந்த இடத்துல பொருளோட பேரையே போடணும். மேற்படி சட்டம், மேற்படி சொத்து, மேற்படி கணக்குன்னு மூணு மேற்படி வந்தா படிக்கிறவங்க மூணு தடவை மேல போய்த் தேடணும், பாதிப் பேரு போக மாட்டாங்க. "மேற்படி பிணைச் சொத்து"ன்னு இருந்தா "இன்ன தெருவுல இருக்கிற உங்க வீடு"ன்னு எழுதிடுங்க. "தவறும் பட்சத்தில்" வர்ற இடத்துல வாக்கியத்தை வெட்டிட்டு புதுசா "கட்டலேன்னா"ன்னு ஆரம்பிங்க.

இது வரைக்கும் மொழி வேலை. இனிமே வர்றதுதான் முக்கியம், ஏன்னா வார்த்தை எளிமையா இருந்தும் விஷயம் தப்பாப் போயிடுற இடங்கள் இதுல நாலஞ்சு இருக்கு.

தேதி. சட்டத்துல 60 நாள்ங்கிறது நோட்டீஸ் தேதியில இருந்துதான் எழுதியிருக்கு. ஜனங்க தபால்காரர் கையில குடுத்த நாள்ல இருந்து எண்ணுவாங்க. அந்த அக்காவோட நோட்டீஸ் தேதி 06.03.2025, கைக்கு வந்தது மார்ச் 17, அப்பவே 11 நாள் போயாச்சு. 60 நாள்னு நீங்க எழுதிக் குடுத்தா அவங்க மே 16 வரைக்கும் டைம் இருக்குன்னு நினைப்பாங்க, நிஜத்துல மே 5. அதனால "60 நாளுக்குள்"ங்கிற வார்த்தையே என் பேப்பர்ல இருக்காது, காலண்டரை எடுத்து எண்ணி "மே 5, திங்கட்கிழமை"ன்னு கிழமையோட எழுதுவேன். கைக்கு வந்த தேதியில இருந்துதான் எண்ணணும்னு வாதாட பிற்பாடு வக்கீலுக்கு இடம் கிடைக்கலாம், ஆனா அதை நம்பி நாம லேட்டான தேதியை எழுதக் கூடாது, எப்பவும் முந்தின தேதியை எழுதணும். கவரைத் தூக்கிப் போட வேணாம்னும் சொல்லுங்க, அதுல இருக்கிற தபால் முத்திரைதான் எப்ப வந்துச்சுங்கிறதுக்கு அத்தாட்சி.

தொகை. இங்கதான் நானே ஒரு தடவை பெரிய தப்பு பண்ணேன், இப்பவும் மனசுல உறுத்துது. ஒரு பெரியவருக்கு "மே மாசத்துக்குள்ள பாக்கியைக் கட்டணும்"னு எழுதிக் குடுத்தேன். அவரு பாக்கின்னா கட்டாம விட்ட தவணைன்னு எடுத்துக்கிட்டு நாப்பதாயிரம் புரட்டி கட்டிட்டு, வேலை முடிஞ்சதுன்னு சும்மா இருந்துட்டாரு. நோட்டீஸ் கேட்டது மொத்தக் கடனை. ரெண்டு மாசம் கழிச்சு வீட்டுக் கதவுல அடுத்த நோட்டீஸை ஒட்டினப்பதான் ஓடி வந்தாரு. அதுல இருந்து பாக்கி, நிலுவைங்கிற வார்த்தையைத் தனியா விடுறதே இல்ல. ரெண்டு தொகையைத் தனித்தனியா எழுதுவேன். ஒண்ணு, நோட்டீஸ் கேக்குற மொத்தக் கடன். இன்னொண்ணு, இது வரைக்கும் கட்டாம விட்ட தவணையும் வட்டியும் மட்டும். ரெண்டாவது தொகை பெரும்பாலும் நோட்டீஸ்லயே இருக்காது, பேங்க்ல எழுதிக் கேட்டு வாங்கணும், அந்த இடத்தைக் கோடு போட்டுக் காலியா விட்டு "இதை பேங்க்ல கேட்டு எழுதுங்க"ன்னு போடுவேன்.

ரெண்டாவது தொகை ஏன் வேணும்னா, ரிசர்வ் வங்கி விதிப்படி விட்டுப்போன அசலும் வட்டியும் முழுசும் கட்டிட்டா கணக்கை வாராக்கடன்ல இருந்து திரும்ப நல்ல கணக்கா மாத்தலாம். ஒரு தவணை ரெண்டு தவணை கட்டினா ஆகாது, மொத்த பாக்கித் தவணையும் கட்டணும். ஆனா இதை நீங்க உறுதியா "இதைக் கட்டினா போதும்"னு எழுதிடாதீங்க, நோட்டீஸ் முழுக் கடனைக் கேக்குது, நடவடிக்கையை நிறுத்துறோம்னு சொல்ல வேண்டியது பேங்க், அதுவும் எழுத்துல. "பேங்க் எழுத்துமூலமா ஒத்துக்கிட்டா மட்டும்"ங்கிற வார்த்தை அந்த வரியில கட்டாயம் இருக்கணும்.

மேல்வட்டியும் அதே கதைதான். 12,40,000ங்கிறது பிப்ரவரி 28 வரைக்கும் உள்ள கணக்கு. 11 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 1,36,400, அதை 365ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 370 ரூபாய்க்கு மேல ஏறுது. "ஒப்பந்த விகிதப்படியான மேல்வட்டி"ன்னா யாருக்கும் எதுவும் உறைக்காது, "தினமும் ஏறக்குறைய 370 ரூபாய் கூடும், கட்டப் போற அன்னைக்கு அன்றைய கணக்கை எழுத்துல வாங்குங்க"ன்னா உடனே புரியும்.

இப்ப அந்தச் செய்யக் கூடாத விஷயம். "விற்பனை, குத்தகை அல்லது வேறு வகையில் மாற்றம்"னு இருக்கே, அதைப் படிக்கிற நம்மூர் ஆளு "நான் விக்கப் போறதில்லையே, குத்தகைக்கு வயலா இருக்கு"ன்னு தாண்டிப் போயிடுவாங்க. அடுத்த வாரமே என்ன செய்வாங்கன்னு பாருங்க, பேங்க் கடனைக் கட்டறதுக்காக மாடியை ஒத்திக்கு விட்டு அஞ்சு லட்சம் வாங்குவாங்க! அவங்க மனசுல அது விக்கிறதும் இல்ல குத்தகையும் இல்ல, ஆனா பேங்க் எழுத்துல சம்மதிக்காம அப்படி விட்டா இந்தத் தடைக்குள்ள வந்து மாட்டும், சட்டத்தை மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலோ அபராதமோ ரெண்டுமோன்னு அதே சட்டத்துல இருக்கு, ஒத்திக்கு வந்த குடும்பமும் சேர்ந்து நடுத்தெருவுல நிக்கும். அதனால சட்ட வார்த்தையை மொழிபெயர்த்தா போதாது, அந்த ஊர்ல அந்த ஆளு நிஜத்துல என்ன செய்யப் பாப்பாரோ அதோட பேரை எழுதணும். நான் எழுதுறது: "பேங்க் எழுத்துமூலம் சம்மதிக்காமல் வீட்டை விற்கக் கூடாது, ஒத்திக்கோ புதிதாக வாடகைக்கோ விடக் கூடாது, யார் பெயருக்கும் எழுதி வைக்கக் கூடாது." கூடவே கடைக்காரங்கன்னா "கடையில் வழக்கம் போல வியாபாரம் செய்யலாம்."

அடுத்தது பதில் மனு. நோட்டீஸ் வாங்கினவங்க ஆட்சேபணை எழுதிக் குடுக்கலாம், தொகை தப்பு, கட்டின பணம் வரவு வைக்கல, வட்டி கூடுதல், டைம் வேணும், இப்படி எதுவா இருந்தாலும். பேங்க் அதைப் பரிசீலிச்சு, ஏத்துக்கலேன்னா கைக்கு வந்த 15 நாளுக்குள்ள காரணத்தோட பதில் சொல்லியாகணும், பிரிவு 13(3ஏ). 2002ல சட்டம் வந்தப்ப இது கிடையாது, 2004ல மார்டியா கெமிக்கல்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறம் சேர்த்தது. நிறைய நோட்டீஸ்ல இதை ஒரு மூலையில "பிரிவு 13(3ஏ)-ன் கீழான உரிமை" அப்படின்னு நம்பரை மட்டும் போட்டு முடிச்சிடுவாங்க. படிக்கிறவங்களுக்குக் கையில கிடைச்சிருக்கிற ஒரே ஆயுதம் இதுதான், அதனால நான் இதை பேப்பர்ல நடுவுல பெருசா எழுதுவேன். பேங்குக்கு 15 நாள் இருக்கறதால கடைசி வாரத்துல குடுத்துப் பயனில்ல. மே 5 கடைசின்னா "ஏப்ரல் 15க்குள்ள குடுத்திடுங்க"ன்னு நானே ஒரு தேதி போடுவேன், அது சட்டம் சொன்ன தேதி இல்ல, நம்ம சொல்ற தேதின்னும் பக்கத்துல எழுதிடணும்.

யாருகிட்ட குடுக்கணும்ங்கிறதுல ஒரு பெரிய குழி இருக்கு. எல்லாரும் கடன் வாங்கின கிளைக்குப் போய் மேனேஜர்கிட்ட பேசுவாங்க, அவரும் "பாத்துக்கலாம்மா, மேல பேசுறேன்"னு சொல்வாரு, நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு, ஆனா நோட்டீஸ் அனுப்பினது அவரு இல்ல. நோட்டீஸோட கடைசியில அங்கீகரிக்கப்பட்ட அதிகாரின்னு ஒருத்தர் கையெழுத்து இருக்கும், பல சமயம் வேற ஊர்ல வேற ஆபீஸ்ல. வாயால பேசினது எதுவும் எங்கயும் பதிவாகாது, நாள் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். அதனால அந்த அதிகாரியோட பதவி, விலாசம் ரெண்டையும் பேப்பர்ல தனியா எடுத்து எழுதி, "கிளையில் வாயால் சொன்னது கணக்கில் வராது. கடிதத்தை இந்த விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள், நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீல் வாங்குங்கள்"னு போடுங்க.

சரி, அந்த அக்காவுக்கு நான் முதல்ல எழுதின பேப்பர் இதுதான், பிற்பாடு ஒரு இடத்தை மாத்தினேன், அதைக் கடைசியில சொல்றேன். கவனிங்க, நான் உங்ககிட்ட பேசுற மாதிரி பேச்சுத் தமிழ்ல எழுதல, தினப் பேப்பர்ல வர்ற எளிய எழுத்துத் தமிழ்ல எழுதியிருக்கேன். பேச்சுத் தமிழ்ல எழுதினா வயசானவங்க எழுத்துக் கூட்டிப் படிக்கக் கஷ்டப்படுறாங்க, கண்ணுக்குப் பழகினது பேப்பர் தமிழ்தான்.

"இது உங்கள் வீட்டுக்கடனுக்காக பேங்க் 06.03.2025 தேதியிட்டு அனுப்பிய 13(2) நோட்டீஸின் சுருக்கம். அசல் நோட்டீஸ் இதோடு பின் செய்யப்பட்டுள்ளது, அதைத் தொலைக்காதீர்கள்.

இது கோர்ட் உத்தரவு அல்ல. இந்த நோட்டீஸை மட்டும் வைத்து யாரும் உங்கள் வீட்டைப் பூட்ட முடியாது. ஆனால் மே 5, திங்கட்கிழமைக்குள் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால், அதன் பிறகு கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே பேங்க் வீட்டை எடுத்து விற்கும் வேலையைத் தொடங்கலாம்.

பேங்க் கேட்பது: மொத்தக் கடன் 12,40,000 ரூபாய். இது பிப்ரவரி 28 வரை உள்ள கணக்கு. தினமும் ஏறக்குறைய 370 ரூபாய் கூடும், செலவும் சேரும்.

கட்டாமல் விட்ட தவணையும் வட்டியும் மட்டும்: ______ ரூபாய். இதை பேங்கில் கேட்டு எழுதுங்கள். இதைக் கட்டினால் நடவடிக்கையை நிறுத்துவார்களா என்று எழுதிக் கேளுங்கள். பேங்க் எழுத்துமூலம் ஒத்துக்கொண்டால் மட்டுமே இது போதும்.

கணக்கில் தப்பு இருந்தாலோ, அவகாசம் வேண்டுமென்றாலோ கடிதம் கொடுங்கள். ஏப்ரல் 15க்குள் கொடுப்பது நல்லது (இது நாங்கள் சொல்லும் தேதி). ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் பேங்க் காரணத்துடன் பதில் தர வேண்டும். கொடுக்க வேண்டிய இடம்: நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி, விலாசம் கீழே.

பேங்க் எழுத்துமூலம் சம்மதிக்காமல் வீட்டை விற்காதீர்கள், ஒத்திக்கு விடாதீர்கள், புதிதாக வாடகைக்கு விடாதீர்கள், யார் பெயருக்கும் எழுதாதீர்கள். கடை வியாபாரத்தை வழக்கம் போல நடத்தலாம்.

வீட்டுக் கதவில் 'சுவாதீன நோட்டீஸ்' ஒட்டினால் அன்றே வக்கீலைப் பாருங்கள். அன்றிலிருந்து 45 நாளுக்குள் டிஆர்டியில் மனுப் போட வேண்டும்."

அவ்வளவுதான், ஒரு பக்கம். இதுல "13(2) நோட்டீஸ்", "சுவாதீனம்", "டிஆர்டி" மூணையும் நான் மாத்தாம வச்சிருக்கேன், காரணத்தோடதான். சுவாதீனம்னா பேங்க் சொத்தைத் தன் வசம் எடுக்குறது, டிஆர்டின்னா கடன் வசூல் தீர்ப்பாயம். பேங்க்லயும் வக்கீல் ஆபீஸ்லயும் இந்த வார்த்தையைத்தான் சொல்வாங்க, நாம "கடன் கேட்பு அறிவிப்பு"ன்னு அழகா ஒரு பேரு வச்சிட்டா அவங்க அங்க போய் முழிப்பாங்க. காதுல விழப் போற வார்த்தையை அப்படியே வச்சு, அர்த்தத்தை வாயால ஒரு தடவை சொல்லிடுறது நல்லது. "உரிமைகளுக்குக் குந்தகமின்றி"யை முழுசா விட்டுட்டேன், அதுக்கு அர்த்தம் பேங்க் இது போக வேற வழியிலயும் பணத்தைக் கேக்கலாம்ங்கிறது, இப்ப அந்த அக்கா செய்ய வேண்டியதுல அது எதையும் மாத்தாது. அசல்தான் பின் பண்ணி இருக்கே.

தம்பிக்கு வந்த நோட்டீஸை மறந்துடாதீங்க. ஜாமீன்தாரருக்கும் அதே வாசகம் அப்படியே வரும், அவரு "அக்கா கடன், எனக்கு சும்மா தகவலுக்கு ஒரு காப்பி"ன்னு நினைச்சு பீரோவுல வச்சிடுவாரு. இந்தச் சட்டத்துல கடன்தாரர்ங்கிற வார்த்தைக்குள்ள ஜாமீன்தாரரும் அடக்கம். அவருக்கு வேற பேப்பர், முதல் வரியே "நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டதால் இந்தப் பணத்தை உங்களிடமும் பேங்க் கேட்கிறது"ன்னு இருக்கணும்.

வக்கீல் வேலை பாக்காம எப்படின்னு கேட்டீங்களே, கோடு எங்கன்னா இதுதான்: நோட்டீஸ்ல இருக்கிறதையும் சட்டம் பொதுவா குடுக்கிற தேதிகளையும் எழுதலாம், "உங்க கேஸ்ல பேங்க் செஞ்சது செல்லாது"ன்னு மட்டும் எழுதக் கூடாது. ஆனா மூணு கேள்வியைக் கட்டாயம் கேட்டு, ஆமான்னு பதில் வந்தா வக்கீல்கிட்ட அனுப்பிடுங்க. அடமானம் வச்சது விவசாய நிலமா? கடன் ஒரு லட்சத்துக்குள்ளயா? அசலும் வட்டியும் சேர்த்ததுல 20 சதவீதத்துக்குக் கீழதான் பாக்கி இருக்கா? இந்த மூணுக்கும் இந்தச் சட்டமே பொருந்தாது. விவசாய நிலம்னா பட்டாவுல புஞ்சைன்னு எழுதியிருந்தா மட்டும் போதாது, நிஜத்துல விவசாயம் நடக்குதான்னும் பாப்பாங்க, அதனாலதான் முடிவை நாம சொல்லக் கூடாதுங்கிறேன். வக்கீலுக்குக் காசில்லேன்னா மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், பெண்கள், எஸ்சி எஸ்டி மக்களுக்கு வருமானம் பாக்காம இலவசம், 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

கதவுல ஒட்டுற சுவாதீன நோட்டீஸ் வந்தா எழுதுற முறை அதேதான், ஆனா பயம் ரெண்டு பக்கமும் தப்பாப் போகும். அதுல "சுவாதீனம் எடுத்துக்கொள்ளப்பட்டது"ன்னு இறந்த காலத்துல இருக்கும், சிலரு வீடு போயிடுச்சுன்னு அன்னைக்கே காலி பண்ணக் கிளம்புவாங்க, சிலரு நாம வீட்டுக்குள்ளதானே இருக்கோம், ஒண்ணும் ஆகலன்னு விட்டுடுவாங்க. பெரும்பாலும் அது காகிதத்துல எடுத்த சுவாதீனம், ஆளை வெளியேத்த பேங்க் கலெக்டர்கிட்டயோ தலைமைக் குற்றவியல் மாஜிஸ்ட்ரேட்கிட்டயோ தனியா உத்தரவு வாங்கி வரும். ஆனா டிஆர்டி போறதுக்கான 45 நாள் அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடுது. அதனால அந்தப் பேப்பர்ல முதல் ரெண்டு வரி "இன்றே காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் இன்ன தேதிக்குள் டிஆர்டியில் மனுப் போட்டாக வேண்டும்"னு இருக்கும். உள்ளூர் முன்சீப் கோர்ட்டுல தடை வாங்கலாம்னு யாராவது சொல்வாங்க, இந்தச் சட்டத்துல சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லேன்னு பிரிவு 34 சொல்லுது, அங்க போய் மாசக்கணக்குல இழுத்துட்டு 45 நாளைத் தொலைச்சவங்களைப் பாத்திருக்கேன். தமிழ்நாட்டுல டிஆர்டி சென்னை, கோயம்புத்தூர், மதுரையிலதான் இருக்கு, எந்த ஊருக்குப் போகணும்னும் எழுதிடுங்க. அதே மாதிரி 13(2) நோட்டீஸ் கையில இருக்கும்போதே டிஆர்டிக்குப் போகச் சொல்லிடாதீங்க, பேங்க் 13(4)ல சுவாதீனம் மாதிரி நடவடிக்கை எடுத்தாத்தான் அந்தக் கதவு திறக்கும், அதுக்கு முன்னாடி பதில் மனுதான் வழி.

எழுதி முடிச்சதும் கையில குடுத்து அனுப்பிடாதீங்க, எதிர்ல உக்கார வச்சுப் படிக்கச் சொல்லுங்க. "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க. "நாளைக்குக் காலையில என்ன பண்ணப் போறீங்க"ன்னு கேளுங்க. அந்த அக்காகிட்ட கேட்டப்ப "பிராஞ்சுக்குப் போய் மேனேஜர் சாரைப் பாத்து டைம் கேப்பேன்"னாங்க. விலாச வரி பேப்பர்ல கீழ கிடந்துச்சு, அது கண்ணுல படல. அதை மேல தூக்கி, கடிதம் வரிக்கு அடுத்தாப்புல வச்சு, "கிளை மேனேஜரிடம் அல்ல"ன்னு சேர்த்து திரும்ப பிரிண்ட் எடுத்தேன். மறுபடி கேட்டப்ப "முதல்ல பேங்க்ல தவணை பாக்கி எவ்வளவுன்னு எழுதி வாங்குவேன், அப்புறம் இந்த விலாசத்துக்கு லெட்டர் போடணும், நீங்களே அடிச்சுக் குடுங்கண்ணே"ன்னாங்க. அப்பதான் அனுப்பி வச்சேன்.